கெட்டில்பெல் கெட்-அப்: படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும் வரை

மல்லாந்து படுத்து, கெட்டில்பெல் எனப்படும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை ஒரு கையில் மேல்நோக்கி நேராகப் பிடித்து, அந்தக் கையை மடக்காமலேயே எழுந்து நின்று, பிறகு வந்த வழியாகவே திரும்பிப் படுப்பதுதான் கெட்-அப் பயிற்சி. ஜிம்களில் இதை டர்க்கிஷ் கெட்-அப் என்று அழைப்பார்கள். நிதானமாகச் செய்தால் ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடிகள் வரை பிடிக்கும்.

முதன்முறை பார்ப்பவருக்கு, கைதான் எடையைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில், தொடக்கத்தில் எடையை மார்புக்கு மேலே தள்ளிய பிறகு கை எதையும் தூக்குவதில்லை. அது தரைக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதன் அடியில் உடல்தான் இடம் மாறுகிறது. படுத்திருக்கும்போது மார்புக்குச் செங்கோணமாக இருந்த கை, எழுந்து நிற்கும்போது காதை ஒட்டி இருக்கிறது என்றால், அந்த வேறுபாடு முழுவதும் தோளுக்குக் கீழே நடுவுடல் திரும்பி நிமிர்ந்ததால் வந்தது. எனவே தோளுக்குத் தாங்கும் வேலை, வயிறும் முதுகும் சேர்ந்த நடுவுடலுக்குச் சுமையைக் கைமாற்றும் வேலை, இடுப்புக்கு உடலை உயர்த்தும் வேலை. தரையில் ஊன்றும் இடமும் முதுகிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கும், அங்கிருந்து முழங்காலுக்கும், கடைசியில் இரண்டு பாதங்களுக்குமாக மாறிக்கொண்டே போகும். ஒரு கட்டம் உறுதியாக அமையாவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் அதே இடத்தில் தெரியாது. அடுத்த கட்டத்திலோ அதற்கடுத்ததிலோதான் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் விவரங்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பது விளங்கும்.

தொடங்கும் முன்

உங்கள் உயரத்தைவிடச் சற்று அதிக நீளமும் அகலமும் உள்ள வெற்றுத் தரை வேண்டும். எழுந்து நிற்கும்போது கைக்கு மேலே எடையின் உயரமும் சேரும் என்பதால், வீட்டில் செய்பவர்கள் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் இல்லாத இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஃபேனை நிறுத்தினால் போதும் என்று நினைப்பது தவறு. நின்ற ஃபேனின் இறக்கையில் இடித்தாலும் எடை தடம் மாறும். டைல்ஸ் தரையில் தடித்த ரப்பர் விரிப்பு தேவை. யோகா பாய் முழங்காலுக்கு மெத்தென்று இருக்குமே தவிர, விழும் இரும்பைத் தாங்காது.

எடை கைமீறிப் போவதாகத் தோன்றினால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். உடலை எதிர்ப்பக்கமாக விலக்கிக்கொண்டு, எடையை விழ விட்டுவிடுங்கள். அது விழக்கூடிய இடத்தில் குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இருக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். தோள் மூட்டு நழுவிய வரலாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஒரு சிறு சோதனையும் உண்டு. சுவரில் முதுகும் பின்தலையும் படுமாறு நின்று, முழங்கையை மடக்காமல் ஒரு கையை முன்பக்கமாக மேலே உயர்த்துங்கள். கீழ் விலா எலும்புகள் முன்னால் துருத்தாமலும், இடுப்புக்குப் பின்னால் இடைவெளி பெரிதாகாமலும் கட்டைவிரல் சுவரைத் தொட்டால், உங்கள் தோள் நின்ற நிலைக்குத் தயாராக இருக்கிறது. தொடவில்லை என்றால் இப்போதைக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்திருக்கும் அரைமண்டி நிலை வரை மட்டும், அதுவும் எடை இல்லாமல் செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரங்களுக்கு இரும்பு தேவையில்லை. கைவிரல்களை முஷ்டியாக மடக்கி, அதன்மேல் ஒரு செருப்பையோ ஷூவையோ வைத்து, அது விழாமல் எழுந்து படுத்துப் பழகுங்கள். முன்கை செங்குத்திலிருந்து சற்றே சாய்ந்தாலும் ஷூ விழுந்துவிடும். எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கவனித்து வந்தால், உங்கள் பலவீனமான கண்ணி எங்கே இருக்கிறது என்பது தானாகவே தெரியவரும். இரும்பு இவ்வளவு கண்டிப்பானது அன்று. அது சாயும்போது நாம் நம்மையறியாமல் முழங்கையை வளைத்துச் சமாளித்துவிடுவோம், குறையும் மறைந்துவிடும். அதனால்தான் ஷூவில் பழகும் காலத்தை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

கீழே உள்ளவை எல்லாம் வலக்கையில் எடை இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டவை. இடக்கைக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எடையை மேலே கொண்டு செல்லுதல்

கெட்டில்பெல்லை வலப்பக்கம், நெஞ்சின் நேருக்கு வைத்துவிட்டு, முழங்கால்களை மடக்கி அதை நோக்கி ஒருக்களித்துப் படுங்கள். வலக்கையைப் பிடிக்குள் நுழைத்து, இடக்கையால் அதன்மேல் பற்றி, எடையை வயிற்றோடு அணைத்தபடி மல்லாந்து திரும்புங்கள். மல்லாந்து படுத்தபடி பக்கவாட்டில் உள்ள எடையை ஒரு கையால் இழுத்தெடுப்பது தோளுக்கு மிகவும் கெடுதலான செயல். எடை சிறியதாக இருந்தாலும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். இரண்டு கைகளாலும் மேலே தள்ளி, வலமுழங்கை முழுவதும் நீண்ட பிறகு இடக்கையை விடுங்கள்.

கைப்பிடி உள்ளங்கையில் குறுக்காக, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். இரும்புக் குண்டு முன்கையின் பின்புறத்தில் சாய்ந்திருக்கும். மணிக்கட்டு பின்னால் மடியாமல் முன்கையோடு ஒரே நேராக இருக்கும்.

அடுத்தது தோள். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையை அந்தக் குழியில் நடுவாக நிறுத்துவதில், மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தோள்பட்டை எலும்பு நிலையாக இருந்தால்தான் அவற்றால் அதைச் சரிவரச் செய்ய முடியும். எனவே தோளைக் காதிலிருந்து விலக்கி இடுப்புப் பக்கமாக இறக்கி, தோள்பட்டை எலும்பின் தட்டையான பரப்பு தரையில் பதிவதை உணருங்கள். கக்கத்துக்குள் ஒரு துணியை இறுக்கி வைத்திருப்பது போன்ற அந்த இறுக்கத்தைக் கடைசிவரை விடக் கூடாது.

வலமுழங்காலை மடக்கி, பாதத்தை இடுப்புக்குச் சற்று வெளியே, பிட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் முழுவதுமாக ஊன்றுங்கள். இடக்காலையும் இடக்கையையும் உடலிலிருந்து சுமார் 45 பாகை விலக்கித் தரையில் நீட்டுங்கள். கண்கள் எடையைப் பார்க்கட்டும்.

முழங்கைக்கு எழுதல்

வயிற்றை மடக்கி நேராக உட்கார முயல்வதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. இங்கே போகவேண்டிய திசை நேர்முன்னால் இல்லை. இடமுழங்கை இருக்கும் பக்கமாக, சாய்வாகப் போக வேண்டும். வலது குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். அந்த அழுத்தம் வல இடுப்பைத் திருப்பும். இடுப்பு விலாவைத் திருப்பும். விலாவோடு வலத்தோள் தரையிலிருந்து கிளம்பும். அதே வேளையில் மார்பை இடமுழங்கைக்கு மேலே கொண்டுவந்து, முன்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். எழும்போது மூச்சைச் சீராக வெளியே விட்டால், கீழ் விலா எலும்புகள் அடங்கி, வயிற்றுத் தசைகள் இறுகும்.

சரியாகச் செய்கிறோமா என்பதை நீட்டிய இடக்கால் சொல்லிவிடும். எழும்போது அந்தக் கால் தரையை விட்டுத் தூக்கினால், குதிகாலின் உந்துதல் போதவில்லை. தொடை மடக்கும் தசைகளாலும் வேகத்தாலும் உடலை இழுக்கிறீர்கள் என்று பொருள். அப்போது எடையைக் கீழே வைத்துவிட்டு, இடது குதிகாலைத் தொலைவுக்குத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, இந்தக் கட்டத்தை மட்டும் மெதுவாக ஐந்து முறை செய்யுங்கள். கால் தூக்காமல் முழங்கைக்கு வர முடியாத ஒருவர் மேற்கொண்டு செல்வதில் பயனில்லை.

முழங்கையில் நிற்கும்போது இடத்தோள் காதுப் பக்கமாக அமுங்கிப் போய்விடும். முன்கையால் தரையை அழுத்தி, கழுத்து நீளமாகத் தெரியும்படி உடலைத் தோளிலிருந்து தூக்குங்கள். இங்கே ஒரு முழு மூச்சு எடுத்து விடுங்கள்.

உள்ளங்கை ஊன்றலும் காலைப் பின்னால் கொண்டுவருதலும்

முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாறுவது எளிது. விரல்கள் பின்பக்கம் அல்லது வெளிப்பக்கம் பார்க்குமாறு இடக்கையைச் சற்றுத் திருப்பி ஊன்றி, முழங்கையை நீட்டி உட்கார்ந்த நிலைக்கு வாருங்கள். மார்பு விரிந்திருக்க வேண்டும்.

இனி வருவதே இந்தப் பயிற்சியின் கடினமான இடம். இடது உள்ளங்கை, வலது பாதம், இடது குதிகால் ஆகிய மூன்றையும் ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். இடக்கால் உடலுக்கு அடியில் நுழைந்து பின்னால் போகும் அளவுக்கு உயர்ந்தால் போதும். இடுப்பை வானளவு தள்ளிக் கீழ்முதுகை வளைக்கத் தேவையில்லை. அப்போது தரையில் உள்ள கையும் எடை உள்ள கையும் தோள்களின் வழியாக ஏறக்குறைய ஒரே கோடாக நிற்கும். அந்தக் கோடு நிலைத்தவுடன், அவசரப்படாமல் இடக்காலை மடக்கிப் பின்னால் கொண்டுவந்து, இட இடுப்புக்கு நேர் கீழே முழங்காலை வையுங்கள். உள்ளங்கையும் முழங்காலும் கால்விரல்களும் ஒரு கோட்டில் அமைய வேண்டும். அந்த ஒரு கணம் உடலின் சுமை முழுவதையும் உள்ளங்கையும் எதிர்ப்பக்கப் பாதமும் மட்டுமே தாங்குகின்றன. இடுப்பு தொய்ந்தால் நடுவுடல் முறுக்கிக்கொள்ளும், நடுவுடல் முறுக்கினால் எடை முன்னால் சாயும்.

இது எப்படித் தெரியவருகிறது என்பதற்கு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண்மணி அவர். நின்றபடி 8 கிலோ எடையைத் தலைக்கு மேலே தள்ளுவதில் அவருக்குச் சிரமமே இல்லை. ஆனால் கெட்-அப்பில் முழங்காலைத் தரையில் வைத்த மறுகணமே வலமுழங்கை மடங்கிவிடும். கைக்கு வலு போதவில்லை என்று அவர் முடிவுகட்டியிருந்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது, இடமுழங்கால் இடுப்புக்குக் கீழே வராமல் ஒரு சாண் முன்னதாகவே தரையைத் தொட்டுவிடுவது தெரிந்தது. முழங்கால் முன்னால் நின்றுவிட்டதால் மார்பு தரையைப் பார்த்தது. எடை உள்ள தோள் முன்னால் சரிந்தது. சரிந்த எடையைப் பிடிக்க முழங்கை மடங்கியது. முழங்கால் ஏன் முன்னதாக விழுகிறது என்று பார்த்தால், இடுப்பு போதிய உயரம் எழவில்லை. இடுப்பு எழாததற்குக் காரணம், தொடக்கத்திலேயே வலது பாதம் பிட்டத்திலிருந்து வெகுதூரம் தள்ளி வைக்கப்பட்டிருந்ததுதான். தள்ளி இருந்த பாதத்தால் தரையை வலுவாக உந்த முடியவில்லை. பிட்டத் தசைகள் வேலை செய்யவே இல்லை.

கைக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. பாதத்தை நான்கு விரல் அகலம் உள்ளே கொண்டுவரச் செய்தேன். எடையில்லாமல் உள்ளங்கை ஊன்றிய நிலையிலிருந்து இடுப்பை உயர்த்தி, மூன்று விநாடி நிறுத்தி இறக்கும் பகுதியை மட்டும் பக்கத்துக்கு ஐந்து முறை செய்தார். முழங்கால் வந்து சேர வேண்டிய இடத்தை விரிப்பில் சாக்பீஸால் குறித்து வைத்தோம். ஷூ விழாமல் அந்தக் குறியில் முழங்கால் வந்து நின்ற பிறகு 4 கிலோ கொடுத்தேன், பிறகு 8 கிலோ. முழங்கை அதன்பின் மடங்கவில்லை. அவருடைய தோள் தொடக்கம் முதலே நன்றாகத்தான் இருந்தது. ஆகவே எடையுள்ள கையில் தடுமாற்றம் கண்டால், முதலில் தரையில் ஊன்றிய பாதத்தையும் கையையும் பாருங்கள்.

அரைமண்டியும் எழுந்து நிற்றலும்

உள்ளங்கையைத் தரையிலிருந்து எடுக்கும்போது உடலைப் பக்கவாட்டில் வளைத்து நிமிராதீர்கள். முதலில் இடுப்பை இடது குதிகால் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். சுமை முழங்காலுக்கும் வலது பாதத்துக்கும் மாறி, உள்ளங்கை தானாகவே இலேசாகிவிடும். அது இலேசாகாமல் தரையை உதைத்து எழ வேண்டியிருந்தால் இடுப்பு இன்னும் பின்னால் போகவில்லை என்று பொருள். இலேசான பிறகு, இடுப்பை முன்னால் கொண்டுவந்து நடுவுடலை நேராக்குங்கள். கை அசையாமல் நிற்க, விலாவும் தோளும் அதன் அடியில் வந்து சேரும்.

இப்போது முழங்காலை அச்சாக வைத்து, பின்னால் உள்ள கணுக்காலை நகர்த்தி இடத்தொடையும் முன்னோக்கிப் பார்க்குமாறு செய்யுங்கள். இரண்டு முழங்கால்களும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். கண்கள் எடையை விட்டு நேர்முன்னால் ஓர் இடத்தில் நிலைக்கட்டும். மேலே பார்த்தபடி எழுந்தால் பலருக்கு நிலை தடுமாறும். கீழ் விலா துருத்தியிருந்தால் மூச்சை விட்டு அடக்கிக்கொள்ளுங்கள். பின்கால் விரல்களை மடக்கி ஊன்றி, முன்காலின் முழுப் பாதத்தாலும் தரையை அழுத்தி எழுந்து, பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள்.

இறங்குதல்

ஏறிய வரிசையைத் தலைகீழாக்கினால் அதுவே இறங்கும் வழி. இடக்காலைப் பின்னால் வைத்து முழங்காலை மெதுவாகத் தரையில் பதியுங்கள், கணுக்காலைத் திருப்புங்கள், கண்களை மீண்டும் எடைக்குக் கொண்டு செல்லுங்கள். இடக்கையைத் தொடையில் வழுக்கவிட்டபடி இடுப்பைப் பின்னால் தள்ளினால், உள்ளங்கை முழங்காலுக்கு நேராகத் தரையைத் தொடும். பிறகு காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, முழங்கைக்கு வந்து, முதுகை மெல்லப் படியவிடுங்கள். முழங்கையிலிருந்து முதுகுக்கு வரும் கடைசிப் பகுதியில்தான் பலர் தொப்பென்று விழுந்துவிடுகிறார்கள். வலது குதிகாலின் அழுத்தத்தைத் தளர்த்தாமல் இருந்தால் இது நடக்காது. படுத்த பிறகு இடக்கையையும் சேர்த்து, இரண்டு கைகளாலும் எடையை வயிற்றுக்கு இறக்கி, வலப்பக்கம் ஒருக்களித்து வையுங்கள். கை மாற்றும்போது எடையை முகத்துக்கும் மார்புக்கும் மேலாகக் கடத்தக் கூடாது. எழுந்து எடையின் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எத்தனை, எப்போது கூட்டுவது

வாரத்துக்கு மூன்று நாள், கைக்கு மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கை மாற்றி, இடையில் மூச்சு அடங்கும் வரை ஓய்வு என்பது தொடங்குபவருக்குப் போதுமான அளவு. எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டத்திலும் நின்று இரண்டு மூச்சு விட முடிகிறதா என்று பாருங்கள். முழு ஏற்றத்தையும் மூச்சை அடக்கியபடியே முடிப்பவர் கட்டங்களில் நிற்கவில்லை, ஓடிக் கடக்கிறார். முழங்கை மடங்கினாலோ மணிக்கட்டு பின்னால் சாய்ந்தாலோ அந்தக் கைக்கு அன்றைய பயிற்சி முடிந்தது என்று கொள்ளுங்கள். தோளின் முன்பக்கம் குத்தும் வலி வந்தால் மீதமுள்ள சுற்றுகளை நடுவுடலுக்கும் இடுப்புக்கும் மட்டும், எடையில்லாமல் செய்யலாம்.

ஷூவுக்குப் பிறகு 4 கிலோ, பிறகு 6, பிறகு 8 என்று ஏறுங்கள். கெட்டில்பெல் ரஷ்யாவில் பூட் என்ற பழைய அளவையில் வார்க்கப்பட்டது. ஒரு பூட் 16.38 கிலோ. 8, 16, 24, 32 என்ற கிலோ வரிசை அதிலிருந்து வந்தது. அந்த இடைவெளிகள் புதியவருக்கு மிகப் பெரியவை. 8 கிலோவிலிருந்து 12-க்குப் போவதுகூட எடையைப் பாதிக்குப் பாதி கூட்டுவதாகும். எனவே 8 கிலோவை இரண்டு பக்கமும் கட்டத்துக்கு இரண்டு மூச்சு நிறுத்தி, ஏறிய நேரத்துக்குக் குறையாமல் இறங்க முடிந்த பிறகு, 12 கிலோவை முழங்கை வரை மட்டும் கொண்டு செல்லுங்கள். முழுச் சுற்றுகளை 8 கிலோவிலேயே தொடருங்கள். ஓரிரு வாரம் கழித்து 12 கிலோவில் உள்ளங்கை வரை, பிறகு அரைமண்டி வரை. அங்கே வலக்கையும் இடக்கையும் ஒன்றுபோல அசையாமல் நிற்கும் நாளில், அதே எடையோடு எழுந்து நிற்கலாம்.